திண்ணையின் உயரம்

திண்ணையைப் பற்றி எழுதுவது நம்மிடையே ஒரு வியாதியாகிவிட்டது. தஞ்சை ஜில்லாவில் பிறந்து, சென்னையிலோ டில்லியிலோ உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெறும் வயதை எட்டிய எழுத்தாளர் எவரானாலும் ஒரு திண்ணைக் கட்டுரையைக் கைவசம் வைத்திருக்கிறார். அதன் சாமான்கள் நமக்கு முன்பே தெரிந்தவை. வழிப்போக்கனுக்கு ஒரு செம்பு மோர், வெற்றிலைச் செல்லம், சீட்டுக் கச்சேரி, மத்தியானத் தூக்கம், கடைசியில் கம்பிக் கதவும் டெலிவிஷனும் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டன என்று ஒரு பெருமூச்சு. திண்ணை யாவருக்கும் திறந்திருந்தது, வீடும் தெருவும் அங்கே கைகோத்துக்கொண்டன என்ற தீர்மானத்தோடு கட்டுரை முடியும்.

இந்தத் தீர்மானம் பொய். திண்ணையைத் தூஷிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. திண்ணை என்ன காரியம் செய்தது என்று இவர்கள் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. பார்க்காததற்கும் காரணம் உண்டு: அவர்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

கும்பகோணத்திலோ திருவையாற்றிலோ இடிபடாமல் மிஞ்சியிருக்கும் பழைய ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் நின்று அளந்து பாருங்கள். அளவு வீட்டுக்கு வீடு மாறும். ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். தெருவிலிருந்து அரையடி வீதம் மூன்று படி. அதற்கு மேல் வாசற்கதவுக்கு நேராகப் போகும் குறுகிய நடைபாதை. அதன் இரு பக்கமும் இன்னும் ஒன்றரை அடி உயரத்தில் திண்ணை. ஆக, தெருத் தரையிலிருந்து திண்ணை மூன்றடி. அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தவனின் கண், திண்ணைத் தளத்துக்கு மேல் ஏறக்குறைய இரண்டரை அடியில் இருக்கும். தெருவிலிருந்து கணக்குப் பார்த்தால் ஐந்தரை அடி. தெருவில் நிற்கும் சராசரி உயரமுள்ள மனிதனின் கண்ணோ ஐந்தடியில்தான் இருக்கிறது. அதாவது, உட்கார்ந்திருப்பவன் எழுந்திருக்காமலேயே நிற்பவனைக் குனிந்து பார்க்கலாம். நிற்பவன் நிமிர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். தோளிலிருந்த துண்டு கக்கத்துக்கோ இடுப்புக்கோ போவதற்கு முன்பே, பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்பே, யார் யார் என்பதைக் கொத்தனார் தீர்மானித்துவிட்டார்.

வெள்ளம் வராமலிருக்கத்தான் இத்தனை உயரம் என்று ஒருவர் சொல்லலாம். காவிரிப் படுகையில் அது உண்மையும்கூட. ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்த வேண்டியது வீட்டின் தளம். வாசலுக்கு மேல் திண்ணையை இன்னொரு ஒன்றரை அடி உயர்த்தும்படி எந்தத் தண்ணீரும் கேட்கவில்லை. அந்த உயரம் உட்காருவதற்கு. யார் உட்காருவது, யார் நிற்பது என்பதற்கும்.

விருந்தோம்பலுக்கு வருவோம். வழிப்போக்கன் வந்தான், திண்ணையில் படுத்தான், விடியுமுன் எழுந்து போனான், யாரும் அவனை ஊர் பேர் கேட்கவில்லை என்பது கட்டுரைக்காரர்களின் பிரதான சாட்சியம். இது நடந்ததுதான். தலைமாட்டுக்குச் சாய்வாகத் திண்டு வைத்துப் பூசிய திண்ணைகளும், அகல் வைக்கச் சுவரில் குடைந்த மாடமும் அதற்கு அத்தாட்சி. ஆனால் ஏன் கேட்கவில்லை? கேட்க வேண்டிய அவசியத்தைத் திண்ணையே நீக்கிவிட்டது என்பதால். ஜாதி தெரியாத ஒருவனை ரேழிக்குள் விட்டால், அடுத்தது கூடமா, கூடத்தில் எதுவரை, அவன் தொட்ட செம்பை என்ன செய்வது என்ற கேள்விகள் வரிசையாக எழும். அந்தக் கேள்விகளையெல்லாம் வெளியிலேயே நிறுத்தி, அதே சமயம் ஒரு மனிதனை மழையில் நிற்க விடாமல் காப்பாற்றவும் ஒரு மேடை வேண்டியிருந்தது. திண்ணையின் கருணை வாசற்கதவு சாத்தியிருப்பதை நம்பித்தான் நடந்தது. கதவு இல்லாவிட்டால் கருணையும் இருந்திருக்காது. இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உருகுவது இலக்கியமல்ல, விளம்பரம்.

அந்த வழிப்போக்கனும் யாரோ ஒருவனல்ல. அக்கிரகாரத் தெருவில் கால்வைக்க அனுமதி உள்ளவன். பள்ளனுக்கும் பறையனுக்கும் அந்தத் தெருவே கிடையாது. அவர்கள் பண்ணை வேலைக்கு வந்தபோது கொல்லைப்புறமாக, மாட்டுக்கொட்டில் பக்கம் வந்து நின்றார்கள். திண்ணையின் உயரத்தை நிமிர்ந்து பார்க்கும் பாக்கியமும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. இதை அக்கிரகாரத்தின் பாவமாக மட்டும் எழுதிக் கைகழுவுவதும் சௌகரியமான வேலைதான். வெள்ளாளத் தெருவிலும் நாயுடு பண்ணைகளிலும் திண்ணை இருந்தது. கூலி பேசியதும், வழக்குத் தீர்த்ததும், கட்டிவைத்து அடிக்க உத்தரவு போட்டதும் அந்த உயரத்திலிருந்துதான்.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதையையே எடுத்துக்கொள்வோம். கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைச் செய்துவிட்டு, மாயூரத்திலிருந்த மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டு நடையாய் நடந்தார். இலக்கணப் பிழை மலிந்த நூலென்று பிள்ளை தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பிள்ளை உள்ளே சிரமபரிகாரம் செய்துகொண்டிருந்தபோது, பாரதி வெளித் திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் தமக்குள் பாட ஆரம்பித்தார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை மனம் கரைந்து பாயிரம் தந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இசையின் வெற்றிக்கு உதாரணமாக இதை எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம்.

இந்தக் கதையில் திண்ணை செய்யும் வேலையைக் கவனியுங்கள். பாரதி பிராமணர்; பிள்ளை வேளாளர். ஆனாலும் அங்கே பாரதிதான் கேட்டு வந்தவர், ஆகவே வெளியே காத்திருக்கிறார். படிப்பின் தராதரம் அந்த ஒரு சந்தர்ப்பத்தில் ஜாதியின் தராதரத்தைப் புரட்டிவிட்டது. காத்திருக்க அவருக்கு ஓர் இடம் இருந்தது. குரல் சுவரைத் தாண்டி உள்ளே போகும் தூரத்தில் அவர் உட்கார முடிந்தது. இப்போது அவர் பாடிய நூலின் நாயகனை நினைத்துப் பாருங்கள். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் பாரதி நந்தனுக்கு ஆண்டையாக வைத்தார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று அவர் வாயால் சொல்லவைத்தார். இது புராணத்திலிருந்து வந்ததல்ல, பாரதி கண்ணெதிரே பார்த்த தஞ்சாவூர் மிராசிலிருந்து வந்தது. அந்த நந்தன் பிள்ளைவாளைத் தேடி வந்திருந்தால் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பாடியிருப்பான்? அவன் குரல் எத்தனை தெரு தாண்டிக் கேட்டிருக்க வேண்டும்? நந்தனைப் பற்றிய பாட்டு திண்ணைவரை ஏறியது, நந்தன் ஏறவில்லை. நூறு தடவை இந்தக் கதையைச் சொன்ன நம் ரசிகர்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

எழுத்தாளர்களை மட்டும் சொல்வானேன். ஆந்த்ரே பெதெய்ல் 1961-62-ல் தஞ்சை ஜில்லாவின் ஒரு கிராமத்துக்கு வந்து, அக்கிரகாரத்தில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து ஆராய்ந்தார். 1965-ல் புத்தகமாக வந்தது. அக்கிரகாரத்தில் குடியிருந்ததால் சேரி ஜனங்களிடம் தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். திண்ணையிலிருந்து பார்த்தால் எது தெரியும், எது தெரியாது என்று ஒரு சமூகவியல்காரருக்கு இருந்த சுரணை நம் கதாசிரியர்களுக்கு இல்லை. கும்பகோணத்தைச் சுற்றி வளர்ந்த நம் நவீன உரைநடை நுட்பமானது. மனசின் சலனங்களைப் பிடிப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் தெருக்காட்சிகளில் பெரும்பாலானவை ஐந்தரை அடியில் வைத்த கண்ணால் பார்த்தவை. கதவிடுக்கில் ரேழியின் இருட்டில் நின்று தெருவைப் பார்த்த பெண்ணின் கண்ணையாவது அது சில சமயம் கடன் வாங்கியது. திண்ணை ஆண்களின் இடம். ஆண்கள் வயலுக்கோ கச்சேரிக்கோ போன பிற்பகலில்தான் பெண்களுக்கு வாய்த்தது. அவ்வளவுகூடக் கொல்லைவாசலில் நின்றவனுக்குச் செய்யப்படவில்லை.

திண்ணை எப்படிப் போனது என்பதிலும் இவர்கள் சொல்வது அரைகுறைதான். டெலிவிஷன் கெடுத்ததாம். பழைய தெருக்களில் நடந்ததைப் பாருங்கள். தார் ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடுத்த ரோட்டைப் போட்டுக்கொண்டு போனார்கள். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் கண்டிப்பாக உத்தரவிட 2021 வரை ஆயிற்று. அதற்குள் பல தெருக்களில் படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போய்விட்டன. நான் சொன்ன மாதிரி வீட்டில் தெரு ஒன்றரை அடி ஏறியதாக வைத்துக்கொள்ளுங்கள். திண்ணை தெருவிலிருந்து ஒன்றரை அடி. உட்கார்ந்தவன் கண் நாலடி. இப்போது போகிறவன் வருகிறவனெல்லாம் அவனைக் குனிந்து பார்க்கிறான். எந்தச் சீர்திருத்தக்காரரும் செய்யாததை ரோடு கான்ட்ராக்டர் செய்துவிட்டார். உயரம் போன திண்ணையில் உட்காருவதில் என்ன சுகம்? கம்பி அடித்து உள்ளறையாக்கினார்கள், அல்லது ஷட்டர் போட்டுக் கடைக்கு விட்டார்கள். திருட்டுப் பயமும் வாடகை ஆசையும் காரணம்தான். கௌரவம் குறைந்துபோன இடத்தை மூடுவது சுலபமாக இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திண்ணையின் வேலையோ நிற்கவில்லை. அது டீக்கடை பெஞ்சுக்கு மாறியது. தினசரி படிப்பதும் அரசியல் பேசுவதும் அங்கே போயின. கூலிக்காரன் காசு கொடுத்து உட்காரும் ஓர் இடம் முதன்முறையாக உண்டாயிற்று. உடனே இரட்டைக் குவளையும் வந்தது. பெஞ்சில் இருப்பவனுக்குக் கண்ணாடி கிளாஸ், தரையில் குந்துகிறவனுக்குத் தனிக் குவளை. திண்ணையின் மூன்றடி உயரத்தைப் பெஞ்சின் ஒன்றரை அடியிலும் ஒரு குவளையிலும் காப்பாற்றிக்கொண்டார்கள். திண்ணையை ஜனநாயகம் என்று எழுதுகிறவர், இந்தக் குவளை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

திண்ணையைப் பற்றி எழுதவே கூடாதென்று நான் சொல்லவில்லை. அதன்மேல் உட்கார்ந்தவர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். நம் பத்திரிகைகள் அடுத்த திண்ணைக் கட்டுரையைக் கையில் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: இதை எழுதியவர் எங்கே நின்றுகொண்டிருந்தார்? படியில் நின்றவரும், ரேழியில் நின்றவரும், கொல்லையில் நின்றவரும் எழுதிய கட்டுரைகள் வரும்வரை மோரையும் வெற்றிலைச் செல்லத்தையும் திருப்பி அனுப்பிவிடலாம்.