கடவுச்சொல்லுக்கு முன் பதிவு எண்

மூணாறு, தேவிகுளம், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் வாடகை வீடுகளில் தங்கிப் பயிலும் நம் மாணவர்கள் பலர், ஃபைபர் ரௌட்டரின் கடவுச்சொல் தங்கள் கையில் இருப்பதாகவே எண்ணுகின்றனர். என் கருத்தில், அது பதிவு எண்ணை வைத்திருப்பவரின் கையில் இருக்கிறது.

ஏர்டெல் தேங்க்ஸ், மைஜியோ போன்ற செயலிகளில் வைஃபை கடவுச்சொல்லை மாற்ற இயலும். ஆனால் உள்நுழைவதற்கான ஓடிபி, இணைப்பு பதிவான கைப்பேசி எண்ணுக்கே செல்லும். அது வீட்டு உரிமையாளரின் எண்ணாயின், கட்டணம் செலுத்தும் மாணவர் செயலிக்குள் நுழையவே முடியாது. உரிமையாளரோ வெளியூரிலிருந்தும் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். முன்னறிவிப்பின்றி எல்லாக் கருவிகளும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டுப் பழைய கடவுச்சொல் ஏற்கப்படாவிடில், இதுவே காரணமாக இருக்கலாம்.

எனவே முதலில், உரிமையாளரின் இசைவோடு, நிறுவனத்திடம் கூறிப் பதிவு எண்ணை மாற்றுக. பின்னர் செயலியில் குறைந்தது 8 எழுத்துகள் கொண்ட புதிய கடவுச்சொல்லை இடுக. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் தனித்தனிப் பெயரில் இருப்பின் இரண்டுக்கும் மாற்றுக. ஒன்றை விட்டுவிட்டால், பழைய கடவுச்சொல் அறிந்தவர் அவ்வழியே நுழைவார்.

இணைப்பு வழங்கும் நாளிலேயே, பதிவு எண் யாருடையது என்பதை ரசீதில் எழுதித் தருவது நிறுவனங்களின் கடமையாக வேண்டும்.