கும்பம் இனாம் இல்லை, அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டுகிறவர்கள், கட்ட இருக்கிறவர்கள், வீட்டுத்திட்டக் காசு தவணை தவணையாக வருகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

சோனகதெருப் பக்கம் ஒரு வீட்டு வேலைக்குப் போன கிழமை ஒரு டிப்பர் மணல் வந்தது. வீட்டுக்காரரோடு நாங்கள் இரண்டு ஆசிரியர்மாரும் அங்கே நின்றோம். பக்கப்பலகைக்கு மேலே கோபுரம் மாதிரிக் குவித்திருந்தார்கள். பில்லில் 3 கியூப். "அளந்து பாருங்க சேர், மூண்டேகாலே வரும். உங்களுக்கு மூண்டுக்குத்தான் காசு" என்றார் சாரதி. சரி, அளந்து பார்த்தோம்.

முதலில் கியூப் என்றால் என்ன என்பதைப் பிடித்துக்கொள்வோம். 100 கன அடிதான் ஒரு கியூப், அதாவது 2.83 கன மீற்றர். நாடு மெற்றிக்குக்கு மாறி எத்தனையோ காலம். மணல்காரருக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. 3 கியூப் என்றால் 8.5 கன மீற்றர் இருக்க வேண்டும்.

பெட்டியின் உள் நீளம் 3.6 மீற்றர், உள் அகலம் 2 மீற்றர், பக்கப்பலகையின் உள் உயரம் 0.8 மீற்றர். மூன்றையும் பெருக்கினால் 5.76 கன மீற்றர். தலைதட்டி நிரப்பினால் அந்தப் பெட்டி கொள்வது அவ்வளவுதான், கிட்டத்தட்ட 2 கியூப். உள்ளளவு என்பதைக் கவனியுங்கள். வெளியால் நாடா பிடித்தால் தகட்டின் தடிப்பும் வளையும் சேர்ந்து அகலம் 2.2 ஆகிவிடும். வாங்காத மணலுக்குப் பத்து வீதம் அங்கேயே ஏறிவிடும்.

இனிக் கும்பம். நடுவில் கம்பி குத்திப் பார்த்தோம். பலகை விளிம்பிலிருந்து உச்சி அரை மீற்றர் உயரம். சாரதியின் கணக்கு எப்படி வந்தது என்று அப்போது விளங்கியது. அவர் 0.8 உடன் 0.5ஐக் கூட்டி 1.3 ஆக்கி, அதை நீளத்தாலும் அகலத்தாலும் பெருக்குகிறார். 9.36 கன மீற்றர் வருகிறது, 3.3 கியூப். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய பெருக்கல் சரிதான். ஆனால் அவர் அளந்தது மணலை அல்ல, மணலுக்குச் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து. உச்சி நடுவில் மட்டுமே அரை மீற்றர். நாலு பக்கமும் அது பலகை விளிம்புக்குச் சரிந்து இறங்குகிறது. ஓட்டு வீட்டின் நாலு பக்கமும் சரிந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வடிவம்.

அந்தக் கூரை வடிவத்தின் கன அளவு நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிற கணக்குத்தான். நீளத்தின் மூன்று மடங்கிலிருந்து அகலத்தைக் கழியுங்கள். அதை அகலத்தாலும் உச்சி உயரத்தாலும் பெருக்கி 6ஆல் வகுங்கள். எங்கள் பெட்டிக்கு 8.8 × 2 × 0.5 ÷ 6, வருவது 1.47 கன மீற்றர். இது சிக்கல் என்றால், இப்படி நீண்ட பெட்டிகளுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது: உச்சி உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை மட்டும் பலகை உயரத்தோடு கூட்டுங்கள். 0.5 அங்கே 0.2 ஆகிறது. மொத்த உயரம் 1.3 அல்ல, 1.0 மீற்றர். மொத்த மணல் 7.2 கன மீற்றர், அதாவது 2.55 கியூப். பில்லில் 3. கிட்டத்தட்ட அரை கியூப் மணல் எங்கே போனது? எங்கும் போகவில்லை, அது வரவேயில்லை.

அதே பெட்டியில் உண்மையாகவே 3 கியூப் வரவேண்டுமென்றால் உச்சி 0.93 மீற்றர் நிற்க வேண்டும். அது 43 பாகைச் சரிவு. காய்ந்த மணல் ஏறக்குறைய 34 பாகைக்கு மேல் நிற்காது, வழிந்துவிடும். ஈர மணல் என்றால் நிற்கும்.

அந்த ஈரத்தில்தான் இரண்டாவது ஓட்டை. எங்கள் குடாநாட்டில் மணல் தரக்கூடிய ஆறு இல்லை. இருக்கிற வழுக்கையாறும் மழைக்காலத்து ஆறு. கட்டு வேலைக்கான மணலில் பெரும்பகுதி கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஆனையிறவு தாண்டி வருகிறது, பெரும்பாலும் ஈரமாக. ஈர மணலில் ஒவ்வொரு துகளையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் நின்று துகள்களைத் தள்ளிவைக்கும். ஐந்தாறு வீத ஈரத்திலேயே மணல் கால்வாசி வரை உப்பிவிடும். முழுக்க நீரில் மூழ்கினால் பழையபடி அமர்ந்துவிடும்.

நம்பாதவர்கள் ஒரு கண்ணாடிப் போத்தலில் செய்து பாருங்கள். ஈர மணலை அமத்தாமல் 20 சென்ரிமீற்றருக்குப் போடுங்கள். பிறகு மணல் மூழ்கத் தண்ணீர் விட்டுக் கம்பியால் கிளறி அமரவிடுங்கள். 16க்கு இறங்கினால் உங்கள் மணல் 25 வீதம் உப்பியது. அந்தக் கணக்கில் எங்கள் 2.55 கியூப், காய்ந்த மணலாய்ப் பார்த்தால் 2 கியூப்தான். மேசன் நானாமார் ஒன்றுக்கு ஐந்து என்று பெட்டியால் அளக்கும்போதும் இதே கதை. பெட்டியில் மணல் குறைவதால் சீமெந்துப் பை கணக்குக்கு முன்னரே முடிகிறது. பிறகு பழி மேசன் தலையில்.

லொறிக்காரரின் நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். வழி முழுக்கக் குலுங்கி வருவதால் மணல் அமரும். ஏற்றிய இடத்தில் இருந்த கும்பம் இங்கே இராது. உண்மை. அமர்ந்தால் கன அளவு குறையுமே தவிர மணல் குறையாது. அப்படியானால் ஏற்றும்போது எடுத்த அளவு எது, ஈரமா காய்ச்சலா என்று எழுதித் தாருங்கள். வாய்க்கணக்கில் எதற்கு?

"கும்பம் கொம்பனியே ஒப்புக்கொண்ட அளவுதானே" என்றும் ஒருவர் கேட்டார். ஆம், டிப்பர் உடல்களுக்கு ஐஎஸ்ஓ 6483 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது. தலைதட்டிய அளவு ஒன்று, குவித்த அளவு ஒன்று. குவித்ததற்கு இரண்டு அடி உள்ளே போனால் ஓர் அடி உயரம் என்ற சரிவை எடுக்கிறார்கள். எங்கள் அரை மீற்றர் உச்சி அச்சொட்டாக அந்தச் சரிவுதான், அதிலும் 2.55க்கு மேல் வரவில்லை. அந்த நியமம் ஓர் இயந்திரத்தை இன்னொன்றோடு ஒப்பிட வந்தது, மணல் விற்க வந்ததல்ல. இங்கிலாந்தில் குவித்து அளந்து விற்பதையே 1835இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். எங்கள் உம்மாமாரும் கொத்தால் அரிசி அளக்கும்போது தலைதட்டித்தான் அளந்தார்கள். குவித்துப் போட்டால் அது கொடை, விலையில் சேராது.

இங்கே கும்பத்துக்கு இரண்டு முகம். எங்களிடம் காசு வாங்கும்போது அது கியூப். வழியில் யாராவது மறித்தால் அது "சும்மா மேலால வந்த மண்". மணல் கன மீற்றருக்கு ஏறக்குறைய 1.6 தொன். 7.2 கன மீற்றர் பதினொன்றரைத் தொன். வாகனப் புத்தகத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்று பார்த்தால், கும்பம் இனாமா பாரமா என்று தெரியும். எங்கள் ஒழுங்கைகளின் தார் அதைத்தான் சுமக்கிறது.

"அல்ப விசயத்துக்கு நாடாவோடு நிற்கிறீர்களே" என்று எங்கள் ஆட்களே சிரித்தார்கள். ஒரு லோட்டில் அரை கியூப். ஒரு வீட்டுக்கு எத்தனை லோட் என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே, பறிக்க விடுவதற்கு முன் சவளால் கும்பத்தை மூலைகளுக்குத் தள்ளிச் சமப்படுத்தச் சொல்லுங்கள். ஒன்பது இடத்தில் அடித்தகடு வரை கம்பி குத்திச் சராசரி ஆழம் எடுங்கள். உள் நீளம், உள் அகலத்தோடு பெருக்கி 2.83ஆல் வகுங்கள். பில்லில் வெறுமனே "3 கியூப்" என்று எழுத விடாதீர்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் எழுதி, அளந்த சாரதி அண்ணை கையொப்பம் வைக்கட்டும். மாட்டேன் என்றால் லொறி வந்த வழியே திரும்பட்டும்.