‘பாதி முடிஞ்சுது’ என்று ஒரு வேலை இல்லை

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாங்கள் நடத்தும் ஓ/எல் இலவச வகுப்புகளுக்குப் போன முறை மாதிரி வினாத்தாள்கள் எப்படி வந்தன என்று பெற்றோர்களுக்கு ஞாபகம் இருக்கும். பரீட்சை அன்று காலையில்தான் போட்டோகொப்பி எடுத்தோம். கணிதத் தாளில் ஒரு பக்கமே இல்லை. பிள்ளைகள் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வட்ஸ்அப்பில் கேட்டபோதெல்லாம் எல்லோரும் “பாதி முடிஞ்சுது” என்றுதான் சொல்லியிருந்தோம்.

இந்த முறை வெள்ளவத்தை வகுப்பறைச் சுவரில் ஒரு வேலைப் பலகை போட்டோம். தாளுக்கு ஒரு அட்டை, மொத்தம் 12. அட்டையில் பாடம், பொறுப்பாளர், கொடுத்த திகதி. முதலில் மூன்று கட்டம்தான் கீறினோம்: செய்ய வேண்டியது, செய்கிறோம், முடிந்தது. வியாழக்கிழமைக் கூட்டத்தில் பார்த்தால் 9 அட்டை ‘செய்கிறோம்’ கட்டத்தில். அதே “பாதி முடிஞ்சுது” சுவரில் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு நடுக்கட்டத்தை வேலை உண்மையில் நடக்கும் படிகளாகப் பிரித்தோம்: தயாரிப்பு, சரிபார்ப்பு, டைப்பிங். ‘முடிந்தது’ என்றால் புள்ளித் திட்டத்தோடு அச்சுக்குப் போகக்கூடிய தாள் என்று முடிவு செய்தோம். அட்டை நகராத ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால் ஒரு புள்ளி. வியாழன்தோறும் பலகையைப் படம் எடுத்து கொட்டாஞ்சேனை ஆசிரியர்களுக்கும் அனுப்பினோம்.

இரண்டு வாரப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. டைப்பிங்தான் தாமதம் என்று நாங்கள் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் டைப்பிங் கட்டம் காலி. சரிபார்ப்பில் 6 அட்டை, சிலவற்றில் ஏழெட்டுப் புள்ளி. எல்லாத் தாளையும் ஒரே சேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் சரிபார்ப்பில் ஒரே நேரத்தில் 3 அட்டைக்கு மேல் இருக்கக்கூடாது என்று வைத்தோம். நிறைந்துவிட்டால் புதுத் தாள் தொடங்காமல், இருப்பதை முடிக்க உதவ வேண்டும். கணித விடையை வரலாற்று டீச்சர் பார்க்க முடியாதுதான். ஆனால் வினா இலக்கம், புள்ளிக் கூட்டுத்தொகை, பக்க வரிசை யாரும் பார்க்கலாம். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1950களில் டொயோட்டா தொழிற்சாலையில் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த ‘கன்பான்’ அட்டை முறையின் உயிரே, தேவைக்கு மேல் வேலையைக் குவிக்காமல் இருப்பதுதான்.

எங்கள் கருத்து இதுதான். வாராந்தக் கூட்டத்தில் “யார் செய்யவில்லை?” என்று தொடங்காதீர்கள். ‘முடிந்தது’ பக்கத்திலிருந்து பின்னோக்கி வந்து, “எந்த அட்டை நிற்கிறது, ஏன்?” என்று கேளுங்கள். முதல் கேள்வியைக் கேட்டால் அடுத்த வாரம் அட்டைகள் நகரும், வேலை நகராது. ஏச்சுக்குப் பயந்து எங்களில் ஒருவரும் அப்படி ஒரு அட்டையை நகர்த்தினார். ‘முடிந்தது’ கட்டத்தில் இருந்த தாளுக்குப் புள்ளித் திட்டம் இல்லை என்பதிலிருந்துதான் அது தெரிய வந்தது.

தாள் நல்ல தாளா என்பதைப் பலகை சொல்லாது. எங்கே நிற்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். இந்த முறை 12 தாளும் பரீட்சைக்கு நான்கு நாள் முன்பே கட்டாகக் கட்டி வைத்தோம். பள்ளிவாசல் நூலகக் குழு, விளையாட்டுக் கழகம் என்று வேலை பகிரும் யாரும் பலகையை வந்து பார்க்கலாம். இன்னும் சுவரில்தான் இருக்கிறது.