மழை விட்டது, படம் வரவில்லை

போன சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் பட்டர்வொர்த்தில் இடியோடு கொட்டத் தொடங்கிய மழை ஆறரைக்குத்தான் விட்டது. எட்டு மணிக்கு அம்மா நாடகம் பார்க்க உட்கார்ந்தார். திரையில் சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு மட்டும்தான் இருந்தது.

"போனைப் போட்டு ஆளை வரச் சொல்லுடா" என்றார் அம்மா. நான் உடனே போனை எடுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு இதே போல் அவசரப்பட்டு ஆளை வரவழைத்தேன். வந்தவர் டிவி ரிமோட்டில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினார், படம் வந்துவிட்டது. வருகைக் கட்டணம் என் பையிலிருந்து போனது.

அன்று நடந்தது இதுதான். மின்னலில் வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்து, மறுபடி மின்சாரம் வந்தபோது டிவி வேறு HDMI துளைக்கு மாறியிருந்தது. அப்போது வரும் No Signal, டிவி தானே காட்டுவது. டெக்கோடரின் ரிமோட்டில் மெனுவை அழுத்திப் பாருங்கள். மெனு திரையில் வந்தால் டெக்கோடரும் HDMI கேபிளும் நன்றாக இருக்கின்றன. கோளாறு தட்டுப் பக்கம். வராவிட்டால் டெக்கோடரின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் டிவி ரிமோட்டில் Source மாற்றிப் பாருங்கள்.

இந்த முறை மெனு வந்தது. அடுத்துப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டேன். "எங்களுக்கு மழை விட்டதும் வந்துடுச்சே தம்பி" என்றார். இந்த ஒரு பதில் பாதி வேலையை முடித்துவிட்டது.

ஏனென்றால், கொட்டும் மழையில் படம் போவது கோளாறே அல்ல. செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அவ்வளவு தூரம் தாண்டி வந்த அலையை, கடைசி ஐந்து கிலோமீட்டரில் பெய்யும் கனத்த மழைத்துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மழை தணிந்தால் தானாக வரும். யாரைக் கூப்பிட்டாலும் அதை விரைவுபடுத்த முடியாது. தெரு முழுக்கப் படம் வந்தபின் நம் வீட்டில் மட்டும் வராவிட்டால்தான் தேட வேண்டும்.

டெக்கோடரின் அமைப்புப் பக்கத்தில் Signal Strength, Signal Quality என்று இரண்டு அளவுகள் உண்டு. இரண்டும் சுழியம் என்றால் கேபிளோ தட்டின் முனையில் உள்ள எல்என்பி கருவியோ துண்டிக்கப்பட்டது போல. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது விழுந்து கிடந்தால், காற்றில் தட்டு திரும்பியிருக்கலாம். சில சேனல்கள் மட்டும் வராவிட்டாலும் கேபிளைச் சந்தேகியுங்கள். டெக்கோடர் அந்தக் கேபிள் வழியாகவே எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி, எந்தச் சேனல் தொகுப்பு வேண்டும் என்று சொல்கிறது. ஈரமான இணைப்பில் வோல்ட் குறைந்தால் ஒரு தொகுப்பு போய்விடும்.

எங்கள் வீட்டில் இரண்டுமே சுழியம். இடி முழுவதும் ஓய்ந்தபின் டெக்கோடரின் பிளக்கைப் பிடுங்கினேன். பின்பக்கக் கேபிளின் முனை காய்ந்து சுத்தமாக இருந்தது. சமையலறைப் பின்சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில், இரண்டு கேபிள்களைச் சேர்க்கும் ஓர் இணைப்பு உண்டு. அதைத் திருகிக் கழற்றியதும் தண்ணீர் சொட்டியது. நடுவில் இருக்கும் செப்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. மேலே சுற்றியிருந்த டேப் வெயிலில் வெடித்துப் போயிருந்தது.

கெட்ட முனைகளை வெட்டி, துணியால் துடைத்து, புது இணைப்பான்களைப் பொருத்தினேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளிப் பின்னலின் ஓர் இழைகூட நடுக் கம்பியைத் தொடக்கூடாது, தொட்டால் ஷார்ட் ஆகும். நீர்புகா டேப்பை இறுகச் சுற்றி, கேபிளை இணைப்புக்குக் கீழே தொங்கும்படி வளைத்துவிட்டேன். இனி கேபிள் வழி வழிந்துவரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பிளக்கைச் செருகினேன், இரண்டு அளவுகளும் ஏறின. நாடகம் பாதியில் வந்தது.

கூரையில் இருக்கும் தட்டை மட்டும் தொடாதீர்கள். ஈர ஓட்டில் ஏறுவது ஆபத்து. தட்டு ஓரிரண்டு டிகிரி திரும்பினாலும் கருவியில்லாமல் சரிசெய்வது கடினம். அப்போது அழையுங்கள். அழைக்கும்போது மழை எப்போது விட்டது, அந்த இரண்டு அளவுகள் என்ன, திரையில் வந்த எண் என்ன, பக்கத்து வீட்டில் படம் வருகிறதா என்ற நான்கையும் சொல்லிவிடுங்கள். வருகிறவர் சரியான பொருளோடு வருவார்.