உரமா, உரியதா?

சின்னமனூரிலிருந்து கம்பம் போகும் பேருந்தின் சன்னல் வழியே எடுத்த ஒரு படம் சென்ற மாதம் எனக்கு வந்தது. கடைப் பலகை ஒன்று, கலங்கலாக. கைபேசிச் செயலி அதற்குத் தந்த ஆங்கிலமும் கூடவே இருந்தது. உரிய மருந்துகள் விற்கும் கடை என்று அதற்குப் பொருள். அனுப்பியவர் வெளிமாநிலத்தவர், மருந்தகங்களின் பட்டியல் தயாரிப்பவர். இதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருந்தார்.

ஆங்கிலத்தில் குறையே இல்லை. ஆனால் எந்தக் கடைக்காரர் பலகையில் 'உரிய மருந்து' என்று எழுதுவார்?

செயலி முதலில் எழுத்தை வாசிக்கிறது, பிறகுதான் மொழிபெயர்க்கிறது. வாசிப்பில் தடுமாறும்போது வழக்கில் அதிகம் புழங்கும் சொல் ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே ஆங்கிலத்தை எத்தனை முறை படித்தாலும் பிழை கண்ணில் படாது. செயலி வாசித்த தமிழை வெளியே எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்ததில் முதல் சொல்லில் மூன்று உருவங்கள்; 'உ' தெளிவு, 'ர' தெளிவு, மூன்றாவது 'ம'வாகவும் இருக்கலாம், 'ய'வாகவும் இருக்கலாம். 'ர'வுக்கும் அந்த மூன்றாவது உருவத்துக்கும் நடுவே மேலே ஒரு கறை. செயலி அந்தக் கறையை 'ர'வின் மேல் ஏற்றி 'ரி' ஆக்கியிருக்கிறது. அதை 'ம'வின் மேல் வைத்தால் புள்ளி, சொல் 'உரம்'.

கை நடுங்கினாலோ வண்டி ஓடினாலோ தமிழ் எழுத்தில் முதலில் அழிவது புள்ளி. அடுத்து ஏகாரத்தின் கீழ்க்கோடும் கொம்பின் சுழியும் போய்விடும். எ, ஏ வேறுபாடு மறையும். 'ர'வின் வால் மங்கினால் அது துணைக்காலாகிவிடும். இது நமக்குப் புதிதல்ல. புள்ளியில்லாமல், எகர ஒகரங்களில் குறில் நெடில் பிரிக்காமல், ரகரமும் காலும் ஒன்றாக எழுதப்பட்ட ஓலைச்சுவடிகளைப் படித்துப் பதிப்பித்த மரபு நம்முடையது. கலங்கிய படம் இன்றைய அச்செழுத்தை மறுபடி ஓலை எழுத்தாக்கிவிடுகிறது, அவ்வளவே. கல்வெட்டுப் பதிப்பாளர்கள் ஐயமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவார்கள். நானும் 'உர[ம்] மருந்து கடை' என்று எழுதிக்கொண்டேன்.

அடைப்பை நீக்கப் பலகையிலேயே வேறு சாட்சி தேடினேன். தமிழுக்குக் கீழே ஆங்கில வரி. அதன் கடைசிச் சொல் 'சைட்ஸ்' என்று முடிகிறது. தொலைபேசி எண் 04554 என்று தொடங்குகிறது. அது உத்தமபாளையம், கம்பம் வட்டாரக் குறியீடு. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் 33, அதாவது தமிழ்நாட்டுப் பதிவு. குமுளி தாண்டியிருந்தால் பெரும்பாலும் 32 இருந்திருக்கும். பதினைந்து எழுத்தும் தெரிந்திருந்தால் வேலை இன்னும் எளிது. கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. ஒன்றைத் தவறாகப் படித்தாலும் கணக்கு உதைக்கும். எது தவறு என்று மட்டும் அது சொல்லாது.

இவ்வளவும் எழுத்து வாசிப்பு. படம் பளிச்சென்று இருந்தாலும் மிஞ்சும் சிக்கல் வேறு. திராட்சைத் தோட்டமும் நெல்வயலும் உள்ள இந்தப் பள்ளத்தாக்கில் 'மருந்து வாங்கப் போனேன்' என்றால் பாதி நேரம் பூச்சிமருந்துதான். தெளிப்பதற்குப் பேரே மருந்தடிப்பது. உரமும் மருந்தும் ஒரே பலகையில் வந்தால் அது மருந்தகம் ஆகாது. போடியில் 'ஏலம்' என்ற சொல்லும் இப்படித்தான். நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் நடக்கும் ஊர் அது. ஏலக்காயும் ஏலம், கூறி விற்பதும் ஏலம். மலை ஏறினால் மலையாளத்தில் ஏலம் ஏலக்காய்க்கு மட்டும், விற்பனைக்கு லேலம். கூர்மையான படமும் இதைத் தீர்க்காது. பலகையின் மற்றச் சொற்களைத்தான் கேட்க வேண்டும்.

அனுப்பியவரிடம் மூலப்படத்தையும் கேட்டு வாங்கினேன். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் 'ம'வின் மேல் கறை, புள்ளி என்று சொல்லும் அளவுக்குத் திரண்டிருந்தது.

பதிலில் மூன்று தரமாகப் பிரித்து எழுதினேன். 'மருந்து கடை', படித்தது உறுதி. 'உரம்', ஏறத்தாழ உறுதி, ஆங்கில வரியும் துணை. பூச்சிமருந்துக் கடை என்பது என் ஊகம், வலுவான ஊகம். பட்டியலில் மருந்தகம் என்று சேர்க்க வேண்டாம். தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கம் 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். சொல்லுக்குத் துணையாகப் பக்கத்துச் சொல் வந்ததுபோல் அந்த இலக்கத்துக்கு எதுவும் வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டே அனுப்பினேன்.