ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் எதற்கு?



போன வாரம் தம்பி மகள் கரையாம்புத்தூருக்கு வந்திருந்தாள். அவள் பெண்ணுக்கு ஒன்றாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த தாளில், பிளாஸ்டிக் கூடாது, சூடும் குளிர்ச்சியும் தாங்கும் ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில்தான் வேண்டும் என்று போட்டிருந்ததாம். பாட்டிலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். "எல்லாப் பிள்ளையும் இதான் கொண்டு வருதாம் அத்தை" என்றாள். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாளை எழுதியவர் ஒரு நாளாவது அந்தப் பையைத் தோளில் மாட்டிப் பார்த்திருப்பாரா என்று கேட்கத்தான் போகிறேன்.

பாட்டிலைத் தெருமுனை மளிகைக் கடைக்கு எடுத்துப் போய் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தேன். காலி பாட்டில் 480 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 1 கிலோ 480. பிள்ளையின் எடை 18 கிலோ. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பை கொள்கை, பை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. இவளுக்கு அது 1 கிலோ 800. தண்ணீர் பாட்டில் போக மிச்சம் 320 கிராம். புத்தகம், நோட்டு, டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். காலிப் பையே அதைவிடக் கனம்!

அதே கொள்கையில் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து தண்ணீர் சுமக்கத் தேவையில்லாதபடி நல்ல குடிநீரைப் பள்ளியே கொடுக்க வேண்டும். குழாயில் நல்ல தண்ணீர் வரும் பள்ளியில் அரை லிட்டர் பாட்டில் போதும், தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம். 2019-இல் கேரளத்தில் தண்ணீர் குடிக்கத் தனியாக மணி அடிக்க ஆரம்பித்தார்கள். 2025-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அது வந்தது. மணி அடித்தால் குடிக்கவும் நிரப்பவும் நேரம் இருக்கிறது என்றுதானே பொருள்? பிறகு எதற்கு நாள் முழுவதற்குமான தண்ணீரை ஆறு வயதுத் தோளில் ஏற்றுவது?

தராசு கிடைத்த ஜோரில் வீட்டில் இருந்த மற்ற பாட்டில்களையும் நிறுத்துவிட்டேன். 600 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் 110 கிராம். அதே அளவு ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டில், அதாவது ஃப்ரிட்ஜில் வைக்கிறோமே அந்தச் சாதாரண ரகம், 150 கிராம். ரப்பர் உறை போட்ட கண்ணாடி பாட்டில் 390. இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க் பாட்டில் 500 மில்லிதான் பிடிக்கும், ஆனால் 280. நீங்கள் வாங்குவது பத்து இருபது கிராம் கூடக் குறைய இருக்கலாம். பிளாஸ்டிக்குக்கும் சாதாரண ஸ்டீலுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 40 கிராம் என்பதைக் கவனியுங்கள். "ஸ்டீல் கனம்" என்று பயப்படுகிறவர்கள் பயப்படுவது ஃபிளாஸ்க்கைப் பார்த்துத்தான்.

"வெயிலில் தண்ணீர் சுட்டுவிடுமே டீச்சர்" என்று கேட்பீர்கள். அதையும் பார்த்தேன். காலை ஏழரைக்கு நான்கு பாட்டிலிலும் ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றித் திண்ணை நிழலில் வைத்தேன். ஒன்பதரைக்கெல்லாம் பிளாஸ்டிக், கண்ணாடி, ஒற்றை ஸ்டீல் மூன்றிலும் குளிர்ச்சி போய்விட்டது. கண்ணாடி குளிர்ச்சி காக்கும் என்பது வெறும் நம்பிக்கை. ஃபிளாஸ்க் மட்டும் சாயந்திரம் வரை ஜில்லென்று இருந்தது. அதன் இரண்டு சுவர்களுக்கு இடையே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். காற்று இல்லாததால் சூடு குறுக்கே கடக்க வழியில்லை, கழுத்து வழியாகவும் மூடி வழியாகவும்தான் நுழைய வேண்டும். அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் வகுப்பறைக்குள் இருக்கும் பாட்டில் வகுப்பறைச் சூட்டைத் தாண்டிச் சுடாது. பானைத் தண்ணீர் ஊற்றினால் அது காற்றின் சூட்டுக்கு வரும், அவ்வளவுதான். அதைக் குடித்துத்தான் நீங்கள் எல்லாம் என்னிடம் படித்தீர்கள். வெயில் படும் ஜன்னலில் மட்டும் வைக்க வேண்டாம்.

ஒற்றை ஸ்டீலில் ஒரு தொல்லை உண்டு. குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்த்து நோட்டை நனைத்துவிடும். பழைய காலுறை ஒன்றை மாட்டிவிட்டால் சரியாகிவிடும். சிரிக்காதீர்கள், செய்து பாருங்கள்.

இனி நசுங்கல். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பாட்டில் நசுங்கிவிட்டது என்று நல்ல பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறீர்கள். ஒற்றைச் சுவர் பாட்டிலின் வயிற்றில் விழுந்த நசுங்கல் ஒன்றும் செய்யாது. கொஞ்சம் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும். அடி நசுங்கினால் மேசையில் ஆடும். வாய் நசுங்கினால்தான் ஆபத்து, மூடி சரியாக உட்காராது. தண்ணீர் நிரப்பி, மூடி, செய்தித்தாளின் மேல் பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள். தாள் நனையவில்லை என்றால் பாட்டில் நன்றாக இருக்கிறது.

ஃபிளாஸ்க் பாட்டில் கதையே வேறு. பார்வைக்குச் சின்ன நசுங்கலாக இருக்கும். ஆனால் வெளிச் சுவர் உள்ளே போய் உள் சுவரைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் சூட்டுக்குப் பாலம் போட்ட மாதிரி. தையல் விரிந்து காற்று புகுந்துவிட்டால் அது வெறும் கனமான செம்பு. கண்டுபிடிப்பது சுலபம். பெரியவர்கள் வெந்நீர் ஊற்றி மூடிப் பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள். கழுத்தோரம் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. நசுங்கிய இடம் மட்டும் சுட்டால் சுவர்கள் ஒட்டியிருக்கின்றன. உடம்பு முழுக்கச் சுட்டால் உள்ளே காற்று போய்விட்டது, அதைச் சரிசெய்ய முடியாது. பிள்ளை ஒரு வருஷத்தில் எத்தனை தடவை பாட்டிலைக் கீழே போடும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். 900 ரூபாய் கொடுத்து வாங்கிய அந்தக் குளிர்ச்சி ஒரு சிமெண்ட் படியில் போய்விடும். கனம் மட்டும் போகாது.

கண்ணாடியைப் பற்றி ஒரே வரி: கழுவ நல்லது, வீட்டு மேசைக்கு நல்லது, நாற்பது பிள்ளைகள் ஓடும் வராந்தாவுக்கு வேண்டாம்.

பிளாஸ்டிக்கை நான் பழிக்க மாட்டேன். எல்.கே.ஜி. பிள்ளைக்கு லேசாக இருப்பது முக்கியம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரோப்பிலீன், வாங்கலாம். 1 என்று இருக்கும் கடைத் தண்ணீர் பாட்டிலை மாதக்கணக்கில் நிரப்பாதீர்கள். பிளாஸ்டிக் நசுங்காது, கீறும். உள்ளே கீறல் விழுந்தால் அதில் அழுக்கு தங்கி, எவ்வளவு தேய்த்தாலும் நாற்றம் போகாது. அதுவரைதான் அதன் ஆயுள்.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகிற பெரிய பிள்ளைக்கோ, உடம்புக்கு முடியாமல் வெந்நீர் குடிக்கும் பிள்ளைக்கோ அரை லிட்டர் ஃபிளாஸ்க் வாங்குங்கள், தப்பில்லை. ஒன்றாம் வகுப்புக்கு 500 அல்லது 600 மில்லி சாதாரண ஸ்டீல், கை நுழையும் அகல வாய், உள்ளே ரப்பர் வளையம் உள்ள திருகு மூடி. ஸ்டீல் பாட்டிலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 17803 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். குடிநீர் பாட்டிலுக்கான தர எண் அது.

தம்பி மகள் அந்த ஃபிளாஸ்க்கை என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். என் காபிக்கு ஆயிற்று. பேத்தி 150 கிராம் பாட்டிலோடு ஊருக்குப் போயிருக்கிறாள். பள்ளிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். நீங்கள் இன்று இரவு பிள்ளையின் பையைத் தண்ணீரோடு நிறுத்துப் பார்த்து, பிள்ளையின் எடையையும் பையின் எடையையும் கீழே எழுதுங்கள்.