113 ஏஸ்... மறுநாள் பூஜ்யம்! டென்னிஸ் சர்வீஸ் கணக்கு எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது?

2010 விம்பிள்டன். அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்ஸின் நிகோலா மஹூவும் ஆடிய முதல் சுற்று ஆட்டம் மூன்று நாள்களுக்கு இழுத்தது. மொத்தம் 11 மணி நேரம் 5 நிமிடம். கடைசி செட் மட்டும் 70-68. இஸ்னர் அடித்த ஏஸ்கள் 113. மஹூவும் சளைக்கவில்லை, 103!

மறுநாளே நெதர்லாந்தின் தீமோ டி பாக்கருடன் இஸ்னர் மோதினார். 6-0, 6-3, 6-2 எனத் தோற்று வெளியேறினார். அந்த ஆட்டத்தில் அவர் அடித்த ஏஸ்கள் எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை.

அதே வீரர், அதே புல்தரை, ஒரே ஒரு நாள் இடைவெளி. 'இந்த வீரர் இன்று எத்தனை ஏஸ் அடிப்பார், எத்தனை டபுள் ஃபால்ட் செய்வார்?' என்று கணிப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான். வெளிநாட்டு பெட்டிங் நிறுவனங்கள் இந்த எண்ணிக்கைகள் மீதே தனியாகப் பந்தயம் நடத்துகின்றன. அவற்றுக்கு 'ப்ராப்' என்று பெயர். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம்.

எண்ணிக்கை அல்ல, சதவிகிதம்

எதிராளியின் ராக்கெட்டில் படாமலே புள்ளி தரும் சர்வீஸ்தான் ஏஸ். இரண்டு வாய்ப்பிலும் பந்தைக் கட்டத்துக்குள் போட முடியாமல் புள்ளியை இழந்தால் டபுள் ஃபால்ட்.

113 என்றதும் 'அன்று இஸ்னர் வெறித்தனமாக சர்வீஸ் போட்டார்' என்றே நினைப்போம். ஆனால், அந்த ஆட்டத்தில் மொத்தம் 980 புள்ளிகள் ஆடப்பட்டன. ஏறக்குறைய பாதி, அதாவது சுமார் 490 புள்ளிகளில் இஸ்னர் சர்வீஸ் போட்டார். அதில் 113 என்றால் 23 சதவிகிதம். ஏஸ் அடிப்பதில் பேர்போன அவருக்கு இது அதிசயமே இல்லை. அன்று அதிசயமாக இருந்தது ஆட்டத்தின் நீளம்தான்.

எனவே கணிப்பில் இரண்டு கேள்விகள் உண்டு. நூறு சர்வீஸ் புள்ளிகளில் எத்தனை ஏஸ்? இன்று எத்தனை சர்வீஸ் புள்ளிகள் கிடைக்கும்? பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

தரையும் எதிராளியும்

புல்தரையில் பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு போகும். களிமண் தரை பந்தைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, மேலே எழுப்பும். ரிட்டர்ன் செய்பவருக்குக் கூடுதல் நேரம் கிடைப்பதால் அங்கே ஏஸ் குறையும். ஹார்டு கோர்ட் பெரும்பாலும் இரண்டுக்கும் இடைப்பட்டது. அதனால் வீரரின் ஏஸ் சதவிகிதத்தை அந்தந்தத் தரைக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

அடுத்தது எதிராளி. இங்கே தரவரிசையைப் பார்த்துப் பயனில்லை. அவர் ரிட்டர்ன் செய்யும்போது நூற்றுக்கு எத்தனை ஏஸ் விடுகிறார் என்பதுதான் முக்கியம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தொடர்ந்து பெரிய சர்வீஸ்காரர்களையே சந்தித்தவரின் கணக்கு மோசமாகத் தெரியும். யாரை எதிர்த்து ஆடினார் என்றும் பார்த்தாக வேண்டும்.

ஒரு கற்பனை ஆட்டம்

ஒரு வீரர் புல்தரையில் 12 சதவிகிதம் ஏஸ் அடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். புல்தரையில் பொதுவான சராசரி 10. எதிராளி நல்ல ரிட்டர்ன்காரர், 8 சதவிகிதம்தான் விடுவார். 12-ஐ 8-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 9.6 சதவிகிதம்.

மூன்று செட் ஆட்டம் இரண்டே செட்டில் முடிந்தால் அவருக்குச் சுமார் 10 சர்வீஸ் கேம்கள் கிடைக்கும். கேமுக்கு 6 புள்ளிகள் என்றால் 60. அதில் 9.6 சதவிகிதம் சுமார் 5.8 ஏஸ். மூன்றாவது செட்டுக்குப் போனால் 90 புள்ளிகள், சுமார் 8.6 ஏஸ்.

இரண்டு செட்டில் முடிய 60 சதவிகித வாய்ப்பு, மூன்றாவது செட்டுக்கு 40 சதவிகிதம் என்று கொண்டால் சராசரி 6.9. பெட்டிங் நிறுவனம் வைத்த கோடு 6.5. '6.9 பெரிது, 7 ஏஸ் நிச்சயம்' என்று மனம் துள்ளும்.

இங்கேதான் சறுக்கல். சராசரி வேறு, வாய்ப்பு வேறு. எண்ணிக்கைகளைக் கணிக்கப் பயன்படும் பாய்சான் என்ற கணித முறையில் பார்த்தால், இரண்டு செட் ஆட்டத்தில் 7 ஏஸைத் தொட வாய்ப்பு 36 சதவிகிதம். மூன்று செட்டில் 75. இரண்டையும் சேர்த்தால் சுமார் 52 சதவிகிதம். கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பதுதான்!

ஜெயித்தால் 100 ரூபாய்க்கு 183 ரூபாய் திரும்பும் என்று நிறுவனம் சொல்வதாகக் கொள்வோம். நூறு முறை கட்டி 52 முறை ஜெயித்தாலும், போட்ட 10,000-க்குக் கையில் வருவது 9,516. கணிப்பு சரியாக இருந்தும் நஷ்டம்தான். லாபம் பார்க்க வேண்டுமென்றால் கணிப்பு 55 சதவிகிதம் பலிக்க வேண்டும். 60-40 என்ற நம் ஊகம் கொஞ்சம் பிசகினாலே எல்லாம் மாறிவிடும்.

டபுள் ஃபால்ட் இன்னும் வழுக்கும்

ஏஸ் சதவிகிதம் பெரிய சர்வீஸ்காரர்களுக்கு வருடக்கணக்கில் பெரிதாக மாறாது. டபுள் ஃபால்ட் அப்படியல்ல. அது இரண்டாவது சர்வீஸில் பிறக்கிறது. நூற்றுக்கு 60 முதல் சர்வீஸ்கள் உள்ளே விழுந்தால், மீதி 40 முறை இரண்டாவது சர்வீஸ் போட வேண்டும். அதில் பத்தில் ஒன்று தவறினால் 4 டபுள் ஃபால்ட். எதிராளி இரண்டாவது சர்வீஸை விளாசுபவர் என்றால், அதை மெதுவாகப் போட பயம் வரும். வேகம் கூட்டினால் தவறும் கூடும்.

பெலாரஸின் அரினா சபலென்கா இதற்குச் சரியான உதாரணம். 2022 ஜனவரியில் அடிலெய்டில் ஒரே ஆட்டத்தில் 21 டபுள் ஃபால்ட். ஒரு கட்டத்தில் கையைத் தாழ்த்தி சர்வீஸ் போடும் நிலைக்கே போனார். அந்த ஆண்டு முழுவதும் 400-க்கும் மேல். பிறகு உடல் அசைவுகளை ஆராயும் நிபுணரோடு சேர்ந்து சர்வீஸையே மாற்றி அமைத்தார். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் பட்டம் அவர் கையில்! 2022 கணக்கை நம்பி அந்தத் தொடரைக் கணித்தவர் ஏமாந்திருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. எதிராளியின் உதவியே இல்லாமல், ஒரு வீரர் நினைத்தால் செய்துவிடக்கூடியது டபுள் ஃபால்ட். சூதாட்டக்காரர்கள் வீரர்களை வளைக்கப் பார்க்கும் இடமும் அதுவே. பரிசுப்பணம் குறைந்த சிறிய தொடர்களில் இந்த ஆபத்து அதிகம். அதை எந்த சதவிகிதக் கணக்காலும் பிடிக்க முடியாது.

பழைய சாதனைகளை நம்பலாமா?

இன்று நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டைபிரேக். இனி 70-68 வரப்போவதில்லை. அதனால் 'ஆட்டத்துக்கு இத்தனை ஏஸ்' என்ற பழைய சராசரிகளை அப்படியே எடுத்தால் கணக்கு பிசகும்.

இஸ்னரின் அந்த மறுநாள் ஆட்டத்துக்கே திரும்புவோம். 23 கேம்கள்தான் நடந்தன. சர்வீஸ் அவருக்குப் பதினொன்று, பன்னிரண்டு கேம்கள். 23 சதவிகிதத்தில் போட்டால் பத்து ஏஸாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதல் நாள்களின் 490 சர்வீஸ்கள் தோளில் விட்டுச்சென்ற வலி எந்தப் பட்டியலிலும் இல்லை.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் பந்தயங்களையும் 2025-ல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. எனவே இந்தக் கணக்கு நமக்கு ஆட்டத்தை ரசிக்க மட்டும்தான். அடுத்த முறை டிவியில் ஏஸ் எண்ணிக்கை வந்தால், பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் புள்ளிகளையும் பாருங்கள். வகுத்துப் பார்த்தால்தான் யார் நிஜமாகவே நன்றாக சர்வீஸ் போடுகிறார் என்பது தெரியும்.